பாஸ்போர்ட்: சாதாரணமா, தட்கலா? ஸ்லாட்டை விட முக்கியமானது இனிஷியல்

புதிதாக பாஸ்போர்ட் எடுக்கிற பலரும் முதலில் பார்ப்பது தேதியைத்தான். சாதாரண முறையில் மூன்று வாரம் கழித்து ஸ்லாட் காட்டுகிறது, தட்கலில் நாளை மறுநாளே இருக்கிறது என்றால் உடனே தட்கலுக்கு விரல் போகும். ஆனால் தட்கல் வேகமாக நகர்த்துவது, காகிதங்கள் எல்லாம் ஒத்துப்போகிற விண்ணப்பத்தை மட்டும்தான். பேரிலோ பிறந்த தேதியிலோ இடறல் இருந்தால் தட்கல் ஸ்லாட்டிலும் அதே கவுன்டரில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

முதலில் பணக் கணக்கு. பெரியவர்களுக்கு 36 பக்க பாஸ்போர்ட் சாதாரண முறையில் 1,500 ரூபாய், தட்கலில் 3,500. தட்கலைத் தேர்ந்தெடுத்தாலும் இணையத்தில் கட்டுவது 1,500 மட்டுமே. மீதி 2,000 ரூபாயை நேரில் போகிற பாஸ்போர்ட் சேவா கேந்திராவில், தட்கலில் ஏற்கலாம் என்று அதிகாரி முடிவு செய்த பிறகுதான் வாங்குவார்கள். 'தட்கல் கிடைக்காவிட்டால் 3,500 போய்விடுமே' என்ற பயம் தேவையில்லை.

உண்மையான வித்தியாசம் போலீஸ் விசாரணையின் வரிசையில் இருக்கிறது. சாதாரண முறையில் பெரும்பாலும் விசாரணை முடிந்த பிறகே பாஸ்போர்ட் அச்சாகும். தட்கலில் பாஸ்போர்ட் முதலில் வந்துவிடும், விசாரணை பின்னால் வரும். அதற்கு ஈடாகத்தான் அரசு கூடுதல் அடையாளச் சான்று கேட்கிறது: குறிப்பிட்ட பட்டியலிலிருந்து மூன்று. ஆதார், வாக்காளர் அட்டை, பான், ஓட்டுநர் உரிமம், வங்கி பாஸ்புக் போன்றவை அந்தப் பட்டியலில் வரும். சாதாரண முறைக்கு முகவரிக்கு ஒன்று, பிறந்த தேதிக்கு ஒன்று என்று இரண்டு சான்று பொதுவாகப் போதும். மூன்று காகிதம் என்றால் மூன்றிலும் பேர் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊரில் சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். தஞ்சாவூர்க்காரப் பெண், சென்னையில் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் NITHYA S. ஆதாரில் வெறும் Nithya. பானில் NITHYA SELVAM. பாஸ்போர்ட்டில் இனிஷியல் வராது, அதை விரித்துத்தான் எழுத வேண்டும். எனவே படிவத்தில் Given Name என்ற கட்டத்தில் Nithya, Surname கட்டத்தில் அப்பா பேரான Selvam. இந்தப் பேருக்கு முழுசாகப் பொருந்துவது பான் மட்டும். 'S' என்பது செல்வம்தான் என்பதை மதிப்பெண் சான்றிதழில் இருக்கும் அப்பா பேரை வைத்து விளக்கிவிடலாம். ஆதாரில் அந்தச் சொல்லே இல்லை. தட்கலில் போனால் கேள்வி இங்கே எழும். முதலில் ஆதாரில் பேரைத் திருத்திவிட்டு, சாதாரண முறையிலேயே விண்ணப்பிப்பது இவருக்கு நல்லது.

Surname கட்டத்தைக் காலியாக விட்டால் ஆதாரோடு பொருந்திவிடுமே என்று தோன்றும். விண்ணப்பம் நகரவும் செய்யும். ஆனால் ஒற்றைப் பேர் பாஸ்போர்ட்டோடு ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போகும் பயணிகளுக்கு 2022 நவம்பரில் கட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். பிறகு அப்பா பேர் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். என்றாலும் ஒவ்வொரு விசா படிவத்திலும் காலிக் கட்டத்தோடு மல்லுக்கட்டுவதை விட இப்போதே இரண்டையும் நிரப்பிவிடலாம். பின்னால் மாற்ற வேண்டும் என்றால் திரும்பவும் விண்ணப்பித்துப் புது பாஸ்போர்ட் வாங்கும் ரீ-இஷ்யூதான்.

பிறந்த தேதியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது வயது பொருந்தவில்லை என்று வாத்தியார் ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டிருப்பார், நகராட்சி பிறப்புச் சான்றிதழில் வேறு தேதி இருக்கும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும். அதற்கு முன் பிறந்தவர்கள் பள்ளிச் சான்றிதழ், பான் போன்றவற்றைக் காட்டலாம். எதைக் காட்டினாலும் ஆதாரில் உள்ள தேதியும் அதுவாகவே இருக்கட்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை எப்படியும் கையில் வையுங்கள். சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவை என்று குறிக்கும் ஈசிஆர் முத்திரை இல்லாத பாஸ்போர்ட்டுக்குப் பத்தாம் வகுப்பு தேர்ச்சி ஒரு சான்று.

இனி இடம். 2018 ஜூனிலிருந்து நாட்டின் எந்த பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம். நித்யா சென்னை அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்து, சென்னையிலேயே கேந்திராவுக்குப் போகலாம். படிவத்தில் தஞ்சாவூர் முகவரி இருந்தால் போலீஸ் தஞ்சாவூர் வீட்டுக்குத்தான் போவார்கள், பாஸ்போர்ட்டும் ஸ்பீட் போஸ்டில் அங்கேதான் வரும். விசாரணைக்கு அழைக்கும்போது அவர் ஊரில் இருந்தாக வேண்டும். லீவு போட முடியாதவருக்கு இது ஸ்லாட் தேதியை விடப் பெரிய கணக்கு. சென்னையில் ஸ்லாட் தள்ளிப்போனால் திருச்சி அலுவலகத்தின் கீழ் இருக்கும் அஞ்சலக கேந்திராக்களையும் பார்க்கலாம். அலுவலகத்தை முதலிலேயே தேர்ந்தெடுத்துவிட வேண்டும், ஸ்லாட் திரையில் அந்த அலுவலகத்தின் கீழ் உள்ள கேந்திராக்கள் மட்டுமே வரும்.

ஸ்லாட் பிடிக்கும் திரையின் பேர் Pay and Schedule Appointment. பணம் கழிந்து ஸ்லாட் பதியாமல் போனால் உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். அதே விண்ணப்பத்தில் Track Payment Status பாருங்கள், பணம் வந்து சேர்ந்ததும் அதே எண்ணில் ஸ்லாட் எடுக்கலாம். புது விண்ணப்பம் போட்டால் பழைய பணம் திரும்பாது. கட்டிய கட்டணம் ஓராண்டுக்குச் செல்லும், அதற்குள் மூன்று முறை தேதியை மாற்றலாம். முகவரி passportindia.gov.in என்றுதான் இருக்க வேண்டும். கூகுளில் மேலே வரும் விளம்பரத் தளங்களில் பலவும் இதுபோலவே வேடமிட்டவை.

பதிவேற்றத்துக்கு இரண்டு வழி: டிஜிலாக்கர், அல்லது சொந்த ஸ்கேன். டிஜிலாக்கரே மேல், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதில் Issued Documents பகுதியில் இருப்பதுதான் துறையே அனுப்பிய சரிபார்த்த ஆவணம். நீங்களே போட்டோ எடுத்து டிஜிலாக்கருக்குள் ஏற்றியது வெறும் படம்தான், அதற்கு மதிப்பு கூடுவதில்லை.

ஸ்கேனில் அடிக்கடி விழும் குழி இ-ஆதார். இறக்கிய கோப்பு கடவுச்சொல்லோடு வரும்: பேரின் முதல் நான்கு எழுத்து பெரிய எழுத்தில், பிறகு பிறந்த ஆண்டு. நித்யா 1999-ல் பிறந்திருந்தால்:

```
NITH1999
```

பூட்டியபடியே ஏற்றினால் மறுபக்கம் யாராலும் திறக்க முடியாது. கடவுச்சொல் போட்டுத் திறந்து, பிரின்ட் மெனுவில் Save as PDF கொடுத்து வரும் புதுக் கோப்பை ஏற்றுங்கள். அடுத்தது ஐபோன் படங்கள். அவை .heic என்று வரும். கோப்பின் பேரை .jpg என்று மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது, மாற்றும் செயலியிலோ ஐபோனின் ஷேர் மெனுவிலோ உண்மையாகவே மாற்ற வேண்டும். அளவைக் குறைக்க வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பி இறக்குவது சிலரின் வழக்கம், எழுத்து மங்கிவிடும். ஸ்கேன் செய்யும்போது தெளிவு 150 முதல் 200 டிபிஐ, சாம்பல் நிறம், ஓர் ஆவணத்துக்கு ஒரே பிடிஎஃப், ஆதாரின் இரு பக்கமும் அதற்குள்ளேயே. திறந்து பெரிதாக்கி, பிறந்த தேதியின் கடைசி எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

எதை ஏற்றினாலும் அசல்களைக் கையோடு எடுத்துக்கொண்டு, நேரத்துக்குக் கால் மணி முன்னதாகப் போங்கள். சேவா கேந்திராவில் ஏ கவுன்டரில் கைரேகையும் போட்டோவும் எடுத்து ஆவணங்களை ஸ்கேன் செய்வார்கள், பியில் சரிபார்ப்பு, சியில் முடிவு. போட்டோ அங்கேயே எடுப்பதால் ஸ்டுடியோவுக்குச் செலவழிக்க வேண்டாம். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும் 4.5 செ.மீ. உயரம், 3.5 செ.மீ. அகலத்தில், வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தைக் கொண்டுபோக வேண்டும்.