பெற்றோரின் பாராட்டைக் கரோசலில் போடுவது: ஸ்கிரீன்ஷொட்டா, தட்டச்சு அட்டையா, பெயரில்லாத வரியா?

சாதாரண தரப் பெறுபேறு வெளியான இரவு, திருகோணமலையில் ரியூசன் ஆசிரியர்களின் போன் ஓயாது. விடிந்தால் அந்த நன்றி மெசேஜ்கள் எல்லாம் இன்ஸ்டகிராமில், விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் பல படப் பதிவான கரோசலில் வரிசையாக நிற்கும். உவர்மலைக்கும் உப்புவெளிக்கும் இடையே இரண்டு மூன்று வகுப்புகளுக்கு இந்தப் பதிவுகளை வடிவமைத்துக் கொடுப்பவன் நான். பாராட்டை எந்த உருவத்தில் போடுவது என்று ஒவ்வொரு வருடமும் ஆசிரியர்களோடு ஒரு சின்ன வாக்குவாதம் நடக்கும்.

ஒரு தாய் கணித ஆசிரியருக்கு இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "சேர், பிள்ளைக்கு மெத்ஸ் ஏ வந்திட்டுது. போன வருசம் 38 தான் எடுத்தவ. வேற இடத்தில விட்டும் சரிவரேல்ல. எல்லாம் உங்களாலதான்."

ஆசிரியர்களுக்குப் பிடித்தது ஸ்கிரீன்ஷொட். வட்ஸ்அப்பின் மெசேஜ் கட்டத்தைப் பார்த்தால் நம்பிக்கை வரும் என்பது அவர்கள் வாதம். அந்த நம்பிக்கை பாதிதான் உண்மை. தாயின் பெயரில் ஒரு இலக்கத்தைச் சேமித்துவிட்டு யாரும் அதே மெசேஜைத் தயாரிக்கலாம். மறுபக்கம், உண்மையான ஸ்கிரீன்ஷொட் தேவையில்லாததையும் சேர்த்துக் கொண்டுவருகிறது: மேலே சேமித்த பெயர் அல்லது போன் இலக்கம், புரொபைல் படத்தில் குடும்பம், நடுவே வேறொரு வகுப்பைப் பற்றிய குறை. போனில் உள்ள ஹைலைட்டர் பேனாவால் பெயரைத் தீற்றுவது போதாது. அது முழுதாக மறைக்கும் மையல்ல, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து திரும்பத் தெரியலாம். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடுவதே பாதுகாப்பான வழி.

சிலர் பெறுபேற்றுத் தாளையே ஸ்கிரீன்ஷொட்டாகப் போடுகிறார்கள். அதில் சுட்டெண் இருக்கும். அந்த எண்ணை doenets.lk தளத்தில் யார் தட்டினாலும் கணிதத்தோடு மற்றப் பாடங்களும் வந்துவிடும். கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளை வேறொன்றில் சறுக்கியிருக்கலாம், அதை ஊருக்குச் சொல்ல யாரும் அனுமதி தரவில்லையே.

தட்டச்சு அட்டை என்றால் பின்னணி நிறத்தில் மேற்கோளை அழகாக அடித்துப் போடுவது. இலக்கமும் படமும் கசியாது. ஆனால் இங்கே வேறொரு ஆசை வரும். மேலே உள்ள மெசேஜ் "38இலிருந்து ஏ வரை! எல்லாம் சேரால்தான்!" என்று சுருங்கிவிடும். 38 என்பது பாடசாலைத் தவணைப் பரீட்சையின் புள்ளி, ஏ என்பது சாதாரண தரத்தின் தரநிலை. இரண்டும் ஒரே பரீட்சையல்ல. சாதாரண தரப் பெறுபேற்றில் புள்ளியே வருவதில்லை, ஏ, பி, சி, எஸ், டபிள்யூ என்ற எழுத்துகள்தான். அதனால் ஒரு விளம்பரத்தில் "ஓஎல் கணிதத்தில் 92 புள்ளி" என்று கண்டால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டே ஆகவேண்டும்.

மூன்றாவது பெயரில்லாத வரி: "ஒரு மாணவியின் தாய், அன்புவழிபுரம்." கொழும்பில் இது மறைவாக இருக்கலாம். நம்மூரில் அந்த வருடம் அந்தப் பக்கத்தில் கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடுவார்கள், எதிர்வீட்டு அக்காவுக்குப் போதும். பெயரை மறைக்கச் சொன்னால் ஊரையும் மறைக்கிறேன்.

என் தெரிவு தட்டச்சு அட்டை. மூல மெசேஜ் ஆசிரியரின் கோப்பில் இருக்கவேண்டும். சுருக்கிய வாசகத்தைத் தாய் பார்த்துச் சரி சொல்லவும் வேண்டும். மேலே உள்ள மெசேஜிலிருந்து "வேற இடத்தில" என்ற வரியையும் "எல்லாம் உங்களாலதான்" என்பதையும் எடுத்துவிடுவேன். தாய் அதை மனமார எழுதியிருப்பார். ஆனால் பிள்ளை பாடசாலைக்கும் போனாள், வீட்டில் அக்காவிடமும் படித்திருப்பாள். ஒரே பிள்ளையின் படம் மூன்று வகுப்புகளின் விளம்பரத்தில் நிற்பதை நாம் பார்க்காததா? பதிலாக "எங்களிடம் 14 மாதம் படித்தார்" என்று காலத்தை மட்டும் எழுதலாம், அது சரிபார்க்கக்கூடியது.

அடுத்து, பெறுபேற்றை வைத்து வகுப்பு சொல்லிக்கொள்ளும் பெருமை. ஒரு வகுப்பில் 46 பேர் பரீட்சை எழுதி, ஏ 7, பி 9, சி 12, எஸ் 10, டபிள்யூ 8 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். கரோசலில் ஏழு அட்டை, ஏழும் ஏ. ஒவ்வொரு அட்டையும் உண்மை, சேர்த்துப் பார்த்தால் பொய். பார்க்கிற பெற்றோர் "இங்கே விட்டால் ஏ" என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இதற்கு வழக்கமான தீர்வு கடைசி ஸ்லைடில் பொடி எழுத்தில் "பெறுபேறுகள் ஆளுக்கு ஆள் வேறுபடலாம்". அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2009இலேயே விளம்பரச் சான்றுரை வழிகாட்டியைத் திருத்தி, இப்படி ஒரு வரி போட்டுத் தப்பிக்கும் வசதியை எடுத்துவிட்டது. பொதுவாக எதை எதிர்பார்க்கலாம் என்பதைத் தெளிவாகச் சொல் என்பதே அங்குள்ள நிலை. அது நமக்குச் சட்டமல்ல. ஆனால் நமது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடுக்கிறது.

மாற்று வழி, ஒவ்வொரு அட்டையின் அடியிலும் வாசிக்கக்கூடிய அளவில் "இந்த அணியில் எழுதியோர் 46, ஏ 7, சி அல்லது அதற்கு மேல் 28" என்று போடுவது. ஏன் ஒவ்வொன்றிலும்? கரோசலின் ஸ்லைடு தனியாகத்தான் பயணம் போகிறது. யாரோ மூன்றாவதை மட்டும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் குழுவில் போடுவார். முதலாவதைத் தாண்டிப் போனவருக்கு இன்ஸ்டகிராம் அடுத்த முறை இரண்டாவதைக் காட்டும். கப்ஷனில் எழுதினால் முதல் ஓரிரு வரிக்குப் பிறகு அது "மேலும்" என்ற சொல்லுக்குள் ஒளிந்துவிடும்.

46 என்ற எண்ணிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. தொடங்கும்போது 58 பேர் இருந்து, 12 பேர் இடையில் நின்றிருந்தால்? பலவீனமான பிள்ளைகளைப் பரீட்சைக்கு முன் நிறுத்திவிட்டால் விகிதம் தானாக அழகாகிவிடும். அதனால் "தொடங்கியோர் 58" என்பதையும் சேர்க்கச் சொல்கிறேன். ஒரு ஆசிரியர் இதற்கு முகம் சுளித்தார், அவரோடு அந்த வருடம் எண்ணே இல்லாத பதிவுதான் போட்டோம்: "விளங்காததைத் திரும்பக் கேட்க பிள்ளை பயப்படுவதில்லை" போன்ற வரிகள் மட்டும். அதுவும் நேர்மையான தெரிவுதான், கொஞ்சம் மங்கலாக இருக்கும், அவ்வளவே.

அனுமதியைப் பெறுபேறு வந்த இரவே கேட்பதில்லை. அந்தச் சந்தோசத்தில் எதற்கும் "ஓம்" வரும். இரண்டு நாள் கழித்து அட்டையின் படத்தோடு ஆசிரியர் இப்படி அனுப்புவார்:

"வணக்கம் அம்மா. நீங்கள் அனுப்பியதை இப்படிச் சுருக்கியிருக்கிறோம். இன்ஸ்டகிராமிலும் முகநூலிலும் ஒரு வருடம் வைக்கலாமா? மகளின் பெயர் போடலாமா, முதலெழுத்து மட்டுமா? படம் போடமாட்டோம். காசு கட்டிப் பரப்புவதற்கும் வீதிப் பனருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லுங்கள். மகளிடமும் கேளுங்கள். வேண்டாம் என்றால் வகுப்பில் ஒன்றும் மாறாது."

மகளிடமும் கேட்பது சும்மா மரியாதைக்கு அல்ல, பெறுபேறு அவளுடையது. பிள்ளைகளின் தகவலை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விசேட வகையில் வைத்திருக்கிறது. கட்டணக் கழிவு தந்து வாங்கிய பாராட்டு என்றால், அதையும் அட்டையிலேயே சொல்லவேண்டும்.

ஒரு ஸ்லைடுக்கு ஒரு குடும்பம் என்று வைப்பதற்கும் காரணம் உண்டு. ஆறு மாதம் கழித்து "எடுத்துவிடுங்கோ தம்பி" என்று அழைப்பு வந்தால், பதிவின் மூன்று புள்ளியை அழுத்தி, திருத்தப் போய், அந்த ஸ்லைடை மட்டும் குப்பைத்தொட்டிக் குறியால் நீக்கலாம். நான்கு பாராட்டை ஒரே படத்தில் ஒட்டியிருந்தால் நான்கும் போகும். சந்தியில் கட்டிய பனருக்கு அப்படி ஒரு குறியும் இல்லை, ஏணி கொண்டுபோய்த்தான் இறக்கவேண்டும்.