எக்ஸ்220-ஆ, எக்ஸ்230-ஆ?

சுங்கை சிப்புட்டில் பழைய லேப்டாப் விற்பவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களில், திங்க்பேட் எக்ஸ்220-உம் (2011) எக்ஸ்230-உம் (2012) ஒன்றுபோலவே தெரியும். முதலில் விசைப்பலகையைப் பாருங்கள். எக்ஸ்220-இல் ஏழு வரிசை. எஸ்கேப், டெலீட் விசைகள் இரட்டை உயரம். எக்ஸ்230-இல் ஆறு வரிசை, விசைகளுக்கு நடுவே இடைவெளி.

ஆனால் இதை மட்டும் நம்பக்கூடாது. பழைய விசைப்பலகையின் சுகத்துக்காக அதை எக்ஸ்230-இல் மாற்றிப் பொருத்துபவர்கள் உண்டு. அதனால் இடப்பக்கப் படம் ஒன்று கேளுங்கள். வெளித்திரையை இணைக்கும் விஜிஏ துளைக்குப் பக்கத்தில், அதே வேலைக்கான பெரிய டிஸ்ப்ளேபோர்ட் துளை இருந்தால் எக்ஸ்220. சின்ன மினி டிஸ்ப்ளேபோர்ட் என்றால் எக்ஸ்230. என் கணக்கில் இதுதான் உறுதியான அடையாளம்.

கீல் இங்கே உதவாது, இரண்டிலும் பக்கத்துக்கு ஒன்றுதான். நடுவில் சுழலும் ஒற்றைக் கீல் தெரிந்தால், அது டேப்லெட் வகை.