தடிப்பை மாற்றினால் துளையும் மாறும் என்றார்கள்: 24 தகடு வீணான கதை

பரந்தன் பக்கத்தில் ஒட்டுவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். லான்ட்மாஸ்டருக்கும் நாலுசில்லு உழவு இயந்திரத்துக்கும் பெட்டி அடிப்பதுதான் முக்கிய வேலை. வரைபடத்துக்காகக் காசு கொடுத்து ஏமாந்த கதை இது. என்னைப் போலப் பட்டறை வைத்திருக்கிறவர்கள் யாராவது இதே மாதிரி ஒரு கோப்பை வாங்கப் போகிறீர்கள் என்றால், வாசித்துவிட்டுப் போங்கள்.

பெட்டியையும் இழுவைத் தண்டையும் சேர்க்கிற இணைப்புத் தகடு ஒன்று இருக்கிறது. மூலைக்கு ஒன்றாக அதில் நாலு துளை. சின்னப் பெட்டிக்கு 6 மில்லிமீற்றர் தகடு, நடுத்தரத்துக்கு 8, நெல்லு மூட்டை ஏற்றுகிற பெரிய பெட்டிக்கு 12. வவுனியாவில் பிளாஸ்மாவில் வெட்டித் தருகிறவர், துளையின் விட்டம் தடிப்பின் ஒன்றரை மடங்காவது இருக்கவேண்டும், அதைவிடச் சிறிதானால் தன்னுடைய இயந்திரத்தில் துளை ஒழுங்காக வராது என்று முதலே சொல்லியிருந்தார். அந்தக் கணக்கு எனக்கும் பொருந்தியது. 6க்கு 9, அதில் எம்8 போல்ற் போகும். 8க்கு 12, அதில் எம்10. 12க்கு 18, அதில் எம்16. தடிப்பைத் தெரிந்தால் துளையும் தெரியும். ஆனால் ஒவ்வொரு தடிப்புக்கும் தனித்தனி வரைபடம் வைத்திருந்து, அவசரத்தில் மாறி அனுப்பி, இரண்டு தடவை அடிபட்டிருந்தேன்.

அதனால்தான் வரைபடம் கீறுகிற ஒருவரிடம் போனேன். ஆள் யார், எந்த ஊர் என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொலிட்வேர்க்ஸ் மென்பொருளில் ஒரே கோப்பாகச் செய்து, துளையைத் தடிப்போடு சமன்பாட்டால் கட்டித் தருவதாகச் சொன்னார். "அண்ணை, இனி ஒவ்வொரு முறையும் என்னைத் தேடத் தேவையில்லை. ஒரு இலக்கத்தை மாத்தினாக் காணும், ஓட்டை தானா மாறும்." 15,000 ரூபாய் கேட்டார். கொடுத்தேன்.

கோப்போடு ஒரு சின்ன வீடியோவும் வட்ஸ்அப்பில் வந்தது. திரையில் தகடு நேர்முகமாக நிற்கிறது. சமன்பாட்டு அட்டவணையைத் திறந்து `T` என்பதை 8இலிருந்து 10 ஆக மாற்றுகிறார். நாலு துளையும் சட்டென்று பெரிதாகி 15 என்று காட்டுகிறது. எனக்குச் சந்தோஷம். மருமகன் அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறான், அவனுடைய மடிகணினியில் நானும் கோப்பைத் திறந்து பார்த்தேன். துளையின் அளவுக்கு முன்னால் ∑ குறி இருந்தது. அளவு சமன்பாட்டிலிருந்து வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று கேள்விப்பட்டிருந்தேன். சரி, காசுக்கு வேலை நடந்திருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

காலபோக அறுவடைக்கு முன் ஆறு பெரிய பெட்டி கேட்டார்கள். பெட்டிக்கு நாலு தகடு, மொத்தம் 24. மருமகன் வயலுக்குத் தண்ணீர் மாற்றப் போயிருந்தான். நானே மடிகணினியைத் திறந்து, தகட்டின் தடிப்பில் இரண்டு தரம் சொடுக்கி 8ஐ 12 ஆக்கினேன். தகடு தடித்தது. கண்ணாலே பார்த்தேன். முகப்பை டி.எக்ஸ்.எஃப் ஆகச் சேமித்து, "12 மில்லிமீற்றர், 24 துண்டு" என்று எழுதி வவுனியாவுக்கு அனுப்பிவிட்டேன்.

துளையை அளந்து பார்க்கவில்லை. அதுதான் தானாக மாறுமே.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். வெட்டுகிறவருக்குப் போகிற டி.எக்ஸ்.எஃப் வெறும் தட்டைக் கோடு. அதில் தடிப்பும் கிடையாது, சமன்பாடும் கிடையாது. அவருக்குத் தெரிவது நாலு வட்டமும் ஒரு வெளிக்கோடும்தான். அந்த வட்டம் எந்தத் தடிப்புக்கு என்று நினைத்துக் கீறப்பட்டது என்பதை அந்தக் கோப்பு சொல்லாது. தடிப்பை நான் தனியே எழுதி அனுப்பியிருந்தும், கடைசியாகப் பிழையைப் பிடித்திருக்கக்கூடிய ஆளும் பிடிக்கவில்லை. பிறகு கேட்டபோது, "கீறி அனுப்பினதைத்தானே அண்ணை வெட்டினேன்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

தகடு வந்தது. 12 மில்லிமீற்றர் தகட்டில் 12 மில்லிமீற்றர் துளை. அதுவும் மேலே 12, கீழ்ப்பக்கம் அதைவிட ஒடுக்கம். எம்16 போல்ற்றைக் கிட்டவே கொண்டுபோக முடியாது. ட்ரில்லில் போட்டு 18 ஆக்கலாம் என்று தொடங்கினேன். காற்றுப் பிளாஸ்மாவில் வெட்டின விளிம்பு கடினமாகிவிடும். நாலாவது துளையிலேயே பிட்டின் நுனி நீலமாகிவிட்டது. 24 தகட்டில் 96 துளை என்பதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

அன்றிரவு மருமகன் வந்து சமன்பாட்டு அட்டவணையைத் திறந்தான். `Tools > Equations` என்று போனால் வரும். அதில் இருந்தது இவ்வளவுதான்:

```
"T" = 8
"D1@Sketch2" = "T" * 1.5
```

"மாமா, இதிலை தகட்டின்ர தடிப்பு எங்கை?" என்று கேட்டான்.

எங்குமே இல்லை. `D1@Sketch2` துளையின் விட்டம். `T` என்பது அட்டவணையில் கையால் எழுதின ஒரு பெயர், அதன் பெறுமானம் 8. தகட்டின் உண்மையான தடிப்பு `D1@Boss-Extrude1`. அதுவும் 8தான், ஆனால் அது தனியே கையால் அடித்த 8. இரண்டு 8க்கும் ஒரு தொடர்பும் இல்லை. `T` ஐ மாற்றினால் துளை மாறும், தகடு அப்படியே நிற்கும். தகட்டை மாற்றினால் தகடு மட்டும் மாறும், துளை 12இலேயே நிற்கும். நான் செய்தது இரண்டாவது. வீடியோவில் அவர் செய்தது முதலாவது.

வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். தகடு நேர்முகமாக நின்றதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. முன்னாலிருந்து பார்க்கிறபோது தடிப்பு கண்ணுக்குத் தெரியாது. துளை 15 ஆனபோது தகடு 8இலேயே நின்றிருக்கிறது. கொஞ்சம் சரித்துக் காட்டியிருந்தால் அந்த நிமிடமே பிடிபட்டிருக்கும். வேண்டுமென்றே செய்தாரா, அவருக்கே விளங்கவில்லையா என்று எனக்கு இன்னும் சந்தேகம். விளங்காமல் செய்தார் என்றால் இன்னும் மோசம்.

மருமகன் மூன்று நிமிடத்தில் திருத்தினான். `T` உள்ள இரண்டு வரியையும் நீக்கிவிட்டு ஒரே வரி:

```
"D1@Sketch2" = "D1@Boss-Extrude1" * 1.5
```

இப்போது தடிப்புதான் ஓட்டுகிறது, துளை பின்னால் போகிறது. `T` வேண்டும் என்கிறவர்கள் அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் `"D1@Boss-Extrude1" = "T"` என்று இன்னொரு வரியும் வேண்டும், அப்போதுதான் தகடும் `T` சொல்கிறபடி நடக்கும். அந்த ஒரு வரி இல்லாததற்குத்தான் நான் 15,000 கொடுத்திருக்கிறேன்.

அடுத்த நாள் அவருக்கு அழைத்தேன். முதலில், நான் `Rebuild` செய்யவில்லை என்றார். செய்தேன், `Ctrl+B` உம் அடித்தேன், `Ctrl+Q` உம் அடித்தேன், துளை அசையவில்லை என்றேன். பிறகு, "நீங்கள் T ஐயும் மாத்தி, தகட்டையும் மாத்தவேணும் அண்ணை" என்றார். இரண்டையும் நானே மாற்றுவதென்றால் பழைய முறைக்கு என்ன குறை? துளையை நேராக 18 என்று அடித்துவிட்டுப் போயிருப்பேனே. காசைத் திருப்பிக் கேட்டேன். சமன்பாடு இருக்கிறது, ∑ குறி இருக்கிறது, வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டு, திருத்துவதற்கு இன்னும் 5,000 கேட்டார்.

அந்த ∑ குறியை நம்பாதீர்கள். அளவு ஏதோ ஒரு சமன்பாட்டில் இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லாது. துளையின் வரியை எடுத்து, சமக்குறிக்கு வலப்பக்கம் இருக்கிற பெயரைப் பின்தொடர்ந்து போங்கள். அது தகட்டின் தடிப்பில் போய் முடியவேண்டும், அல்லது தடிப்பும் அதே பெயரில் வந்து சேரவேண்டும். வெறும் இலக்கத்தில் முடிந்து, தடிப்புக்கு வரியே இல்லையென்றால் காசைக் கொடுக்காதீர்கள். வாங்கும்போது தகட்டைச் சரித்து வைத்துக்கொண்டு, அவர் கோப்பில் விட்டிருக்கிற அளவு அல்லாத இரண்டு தடிப்பைப் போட்டு, துளையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கோப்பில் விட்டிருக்கிற அளவில் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். என்னுடையதும் 8இல் அழகாக 12 காட்டியது. ஸ்டெப் கோப்பாகத் தந்தால் வாங்கவே வேண்டாம், அதில் வெறும் வடிவம்தான் வரும், சமன்பாடு வராது.

திருத்தின பிறகும் இரண்டு விசயம் மிஞ்சியது. துளையின் மையத்திலிருந்து விளிம்புக்கு 20 மில்லிமீற்றர் என்று நிலையாகப் போட்டிருந்தார். 12 துளைக்கு அது போதும். துளை 18 ஆனதும் விளிம்பில் மிஞ்சுவது 11 மில்லிமீற்றர் இரும்புதான், பாரம் இழுக்கிற தகட்டுக்கு எனக்கு அது மனதுக்குப் பிடிக்கவில்லை. அதனால் விளிம்புத் தூரத்தையும் துளையின் ஒன்றரை மடங்காகக் கட்டினோம், 12 தகட்டில் 27 வருகிறது. துளையை மட்டும் கட்டிவிட்டு அதைச் சுற்றியுள்ளதை விட்டால், துளை வளர வளர விளிம்பைத் தின்னும்.

மற்றது 10 மில்லிமீற்றர் தகடு. ஒன்றரை மடங்கு 15. அதற்குப் பொருத்தம் எம்14 போல்ற், எங்கள் பக்கத்துக் கடைகளில் அதைத் தேடித் திரியவேண்டும். பெருக்கல் கணக்குக்குக் கடையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதற்கு `IIF` என்று நிபந்தனை போடலாம்:

```
"D1@Sketch2" = IIF("D1@Boss-Extrude1" > 8, 18, "D1@Boss-Extrude1" * 1.5)
```

8க்கு மேல் போனால் 18, இல்லையென்றால் ஒன்றரை மடங்கு. 10 தகடும் எம்16க்குப் போய்விடும். 12க்கு மேல் தடித்த தகடு எடுத்தால் இந்த வரி செல்லாது, 16க்கு 24 வேண்டும். நாங்கள் 12ஐத் தாண்டுவதில்லை, அதனால் இப்படியே விட்டுவிட்டோம்.

24 தகட்டில் ஒன்பதைக் குடைந்து முடித்தேன், மூன்று பிட் போனது. விளிம்பு ஒடுங்கிப்போனதால் அவற்றையும் பெரிய பெட்டிக்குப் போடவில்லை. மிச்சம் பட்டறை மூலையில் கிடக்கிறது. பெட்டிகளுக்குப் புதிதாகத்தான் வெட்டினோம். அந்த வீடியோ இன்னும் அவருடைய முகநூல் பக்கத்தில் விளம்பரமாக ஓடுகிறது. தகடு நேர்முகமாகத்தான் நிற்கிறது.