நீண்ட படக்குறிப்பும் அந்த ‘மேலும்’ பொத்தானும்

இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே முழுக்கதையும் எழுதலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நீண்ட காலமாக அப்படித்தான் எழுதி வருகிறேன். என் நிம்மதியைக் கெடுப்பது ஒன்றே ஒன்று: செயலி 2,200 குறிகள் வரை எழுத இடம் கொடுத்துவிட்டு, முதல் இரண்டு வரிகளோடு ‘மேலும்’ என்று வெட்டிவிடுகிறது.

வெட்டு எங்கே விழும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 125 குறிகள் வரை தெரியும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால், முதல் வரியின் தொடக்கத்தில் நம் பயனர் பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. படிப்பவர் எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தால் இடம் இன்னும் சுருங்கும். தமிழுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. ‘தை’ நமக்கு ஓரெழுத்து. கணினி எழுத்துகளைப் பதியும் முறையான ஒருங்குறியில் இரண்டு குறிகள்.

ஒரு படத்தைச் சொல்கிறேன். தையல் இயந்திரத்தின் ஊசிக்கடியில் ஒற்றைக் கை மட்டும் வைத்துத் தைத்த சட்டை. “அம்மா தைத்துக்கொண்டிருக்கும் புதுச்சட்டை” என்று தொடங்கினால் வீண். அதைப் படமே சொல்லிவிடுகிறது. நான் எழுதியது: “இந்தச் சட்டைக்கு இரண்டாவது கை தைக்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.” கண்ணுக்கு 36 எழுத்துகள், இடைவெளியும் புள்ளியும் சேர்த்து ஒருங்குறியில் 72 குறிகள். பயனர் பெயருக்கும் இடம் மிஞ்சுகிறது. அதன்பின் ஒரு வரி காலியாக விட்டேன். வெட்டு வாக்கியத்தின் நடுவில் விழாமல் இருக்க அது பெரும்பாலும் உதவுகிறது.

அடுத்த பத்தியைப் புதிதாகத் தொடங்கக் கூடாது. விட்ட இடத்தில்தான் பிடிக்க வேண்டும். “தம்பியின் வலக்கை மாவுக்கட்டில் இருக்கிறது. கட்டு நுழையுமளவுக்கு எந்தச் சட்டையிலும் கை அகலமில்லை.” பொத்தானைத் தொட்டவருக்கு உடனே பதில் கிடைத்துவிட வேண்டும். அதைக் கடைசிவரை ஒளித்து வைப்பது ஏமாற்று வேலை. அந்தப் பதிலுக்குள்ளிருந்து அடுத்த கேள்வி எழுந்தால் போதும்: வெட்டி வைத்த இன்னொரு கையை அம்மா என்ன செய்தார்? துணிக்கடியில் மடித்து வைத்திருக்கிறார், கட்டுப் பிரித்த அன்று தைப்பதற்காக. கதை அங்கே நகர்ந்தது.

படித்தார்களா என்பதைக் கருத்துகளே காட்டிக்கொடுக்கும். “ஏன் ஒரு கைதான் இருக்கிறது?” என்று கேட்பவர் பொத்தானைத் தொடவில்லை. மடித்து வைத்த கையைப் பற்றிக் கேட்பவர் கடைசிவரை வந்திருக்கிறார். இந்தப் படத்துக்கு இரண்டாம் வகைக் கேள்விகளே அதிகம் வந்தன. அன்று முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

முதல் வரியில் சுற்றி வளைக்கும் பழக்கத்தை இந்த வெட்டுதான் என்னிடமிருந்து பிடுங்கியது. அதற்கு நன்றியுடையவன். ஆனாலும் நண்பருக்கு என் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். நேற்றுக்கூட, அளந்து எழுதிய ஒரு வரி பெரிய எழுத்து வைத்திருந்த ஒருவரின் கைபேசியில் வினைச்சொல்லுக்கு முன்பே அறுந்து கிடந்ததைப் பார்த்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை.