டேக் ஒப்புதல்: நெடுநாள் பயன்படுத்தியவரின் அனுபவம்

மற்றவர்கள் நம்மை டேக் செய்தால், அது நம் ப்ரொஃபைலில் வருமுன் நம்மிடம் கேட்கும் வசதிதான் டேக் ஒப்புதல். இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் அதை ஆன் செய்து சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். நல்ல வசதிதான், யாரிடமும் ஆன் செய்யச் சொல்வேன். ஆனால் அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று தெரிந்துகொண்டு ஆன் செய்யுங்கள்.

இன்ஸ்டாகிராமில் டேக் வேறு, மென்ஷன் வேறு. படத்தின் மேல் உங்கள் பெயரை ஒட்டினால் அது டேக். அந்தப் படம் உங்கள் ப்ரொஃபைலில் டேக் செய்த படங்களுக்கான பகுதியில் வந்து உட்காரும். தலைப்பிலோ கமெண்டிலோ @ போட்டு உங்கள் பெயரை எழுதினால் அது மென்ஷன்; உங்களுக்கு அறிவிப்பு வரும், பெயரைத் தட்டினால் உங்கள் பக்கம் திறக்கும், அவ்வளவுதான். ஒப்புதல் என்பது டேக்குக்கு மட்டும். மென்ஷனை யார் செய்யலாம் என்பதற்கு எல்லோரும், நீங்கள் பின்தொடர்பவர்கள், யாரும் வேண்டாம் என்று தனியாக ஒரு தேர்வு இருக்கிறது.

செட்டிங்ஸில் Tags and mentions போய் Manually approve tags என்பதை ஆன் செய்தால் போதும். அதன்பிறகு வரும் டேக்குகள் ப்ரொஃபைலுக்குப் போகாமல் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும். ஏற்கெனவே அங்கே இருக்கும் பழைய படங்கள் தானாக மறையாது, அவற்றை நீங்களே உட்கார்ந்து நீக்க வேண்டும். ஃபேஸ்புக்கில் Profile and tagging பகுதியில் இரண்டு மறுபார்வைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பலர் குழம்புவது இங்கேதான்: ஒன்று, மற்றவர்கள் உங்களை டேக் செய்த பதிவு உங்கள் ப்ரொஃபைலில் வருமுன் கேட்பது, இன்னொன்று, உங்கள் பதிவில் மற்றவர்கள் சேர்க்கும் டேக்கைக் கேட்பது. நமக்கு வேண்டியது முதலாவது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அலுவலகக் கூட்டத்தில் எடுத்த குழுப் படத்தை ஒரு சக ஊழியர் எல்லோரும் பார்க்கும்படி ஃபேஸ்புக்கில் போட்டு என்னையும் டேக் செய்திருந்தார். என் ப்ரொஃபைலில் வரவில்லை, ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. ஆனால் அன்று மாலையே வேறொருவர், "படம் பார்த்தேன், நல்லா இருக்கே" என்றார். அவர் பார்த்தது போட்டவரின் பக்கத்தில்! ஒப்புதல் காப்பது நம் ப்ரொஃபைலை மட்டும். போட்டவரின் பக்கத்திலும், அதைப் பார்க்க அனுமதி உள்ளவர்களின் ஃபீடிலும், தேடலிலும் படம் வரத்தான் செய்யும்.

அதனால் காத்திருக்கும் டேக்கை அப்படியே விட்டுவிடாமல், பிடிக்காத படமென்றால் படத்தையே திறந்து மூன்று புள்ளி மெனுவில் டேக்கை நீக்கிவிடுவேன். பெயர் போய்விடும், முகம் இருக்கும். முகமும் போக வேண்டுமென்றால் போட்டவரிடம்தான் கேட்க வேண்டும். நான் அந்தச் சக ஊழியரிடம் கேட்டேன், அவர் என்னை வெட்டிவிட்டு மறுபடி போட்டார். மறுத்திருந்தால் ரிப்போர்ட் செய்யலாம், ஆனால் எந்த விதியையும் மீறாத சாதாரணப் படத்தை நீக்க மாட்டார்கள்.