தலையங்கப் படத்திலிருந்து ஐந்து குறிப்புகள்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

நாளிதழ்த் தலையங்கத்தைக் கைப்பேசியில் படம்பிடித்து, எழுத்துணரிச் செயலியில் கொடுத்து எழுத்தாக்கி, வாசிக்க நேரமில்லாத என் மேலாளருக்கு ஐந்து குறிப்புகளாக அனுப்புவது வெகுநாளாக என் பொறுப்பு. எழுத்துகளைப் பொறுத்தவரை செயலியைக் குறை சொல்ல மாட்டேன். மங்கிய தாளில் 'ர'வும் துணைக்காலும் இடம் மாறும். ஆனால் அது வாசிக்கும்போதே கண்ணில் பட்டுவிடும். தொல்லை தருவது, பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் பத்திகளைச் செயலி பிரிக்கும் விதம்தான்.

நாளிதழ்களில் வரி நிரம்பியதும் சொல்லை இணைப்புக்குறிகூட இல்லாமல் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளிவிடுவார்கள். நம் வாக்கியத்திலோ ஆமா, இல்லையா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். நிலத்தடி நீர் பற்றிய ஒரு தலையங்கத்தில் முதல் பத்தி "புதிய சட்டம் தேவை" என்று முடிந்தது. மீதியான "யில்லை" இரண்டாம் பத்தியின் உச்சியில் இருந்தது. செயலி நடுவில் பக்கத்து விளம்பரத்தின் வரியொன்றைச் செருகிவிட, நாளிதழ் கேட்காத சட்டத்தைக் கேட்டதுபோல் ஆகிவிட்டது! 'யி'யில் தமிழ்ச் சொல் தொடங்காது, அதுதான் துப்பு.

அதிலிருந்து பத்திக்கு ஒரு படம்தான். மடிப்பை நீவிவிட்டு, தாளுக்கு நேர் மேலே கைப்பேசியைப் பிடிக்கிறேன். ஒவ்வொரு பத்தியின் கடைசி வரியையும் தாளோடு ஒப்பிட்டுவிட்டே சுருக்கத் தொடங்குகிறேன்.

சுருக்கும்போது கடைசி பாராவை முதலில் படிப்பது நல்லது. முதல் பாராவில் பெரும்பாலும் செய்திதான் இருக்கும். நாளிதழின் கோரிக்கை கடைசியில் இருக்கும். இடையில் வரும் 'என்கிறது அரசு', 'எனக் கூறப்படுகிறது' போன்றவற்றைக் கோடிட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரோ சொன்னது நாளிதழின் கருத்தாகிவிடும். 'எனினும்' வந்தால் அதற்குப் பின் வருவதற்கே எடை. மேற்சொன்ன தலையங்கம் கடைசியில் இப்படி வந்தது:

• நிலத்தடி நீர்மட்டம் இறங்கிக்கொண்டிருக்கிறது.
• புதிய சட்டம் வேண்டும் என்பது அதிகாரிகளின் வாதம்.
• நாளிதழ் அதை ஏற்கவில்லை. இருக்கும் சட்டமே போதும் என்கிறது.
• கண்காணிக்க ஆள் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறது.
• ஆழ்துளைக் கிணறுகளுக்கு நீர்மானி கட்டாயம் வேண்டும் என்று கோருகிறது.

மூன்றாவது குறிப்பில் 'நாளிதழ்' என்ற சொல்லை விட்டிருந்தால் அது யாருடைய கருத்து என்றே தெரிந்திருக்காது. சொற்கள் கூடினாலும் பரவாயில்லை, யார் சொன்னது என்பதை நான் வெட்டுவதில்லை.

எள்ளல் தலையங்கங்கள் மட்டும் இந்த முறைக்கு மசிவதில்லை. "அமைச்சரின் அக்கறை மெய்சிலிர்க்க வைக்கிறது" என்பதை அப்படியே குறிப்பாக்கினால் அது பாராட்டாகிவிடும். அத்தகைய நாள்களில் 'அமைச்சர் அக்கறை காட்டவில்லை என்று நாளிதழ் குத்திக்காட்டுகிறது' என்று நேராக எழுதி, அந்த வரியின் படத்தையும் கூடவே அனுப்பிவிடுகிறேன்.