தடித்த சோலா, வளைந்த முனையா? விறைத்த பெருவிரல் மூட்டுக்கு எந்த நடை ஷூ

பெருவிரலின் அடிமூட்டு வலிக்கிறது என்று சொன்னால், கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது தடித்த சோல் உள்ள ஷூவைத்தான். நாகர்கோவிலானாலும் மார்த்தாண்டமானாலும் இதே கதைதான். சோலைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டி, எவ்வளவு மெத்தென்று இருக்கிறது பாருங்கள் என்பார். விறைத்துப்போன பெருவிரலுக்கு அந்த மென்மை மட்டும் போதாது. சில ஷூக்களில் அதுவே வலியைக் கூட்டுகிறது. இயன்முறை மருத்துவராகப் பல பாதங்களைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த மூட்டைக் காப்பது சோலின் உயரம் அல்ல, முன்பாதத்துக்கு அடியில் சோல் மேல்நோக்கி வளையும் விதம். ராக்கர் என்பது இந்த வளைவைத்தான். உயரம் அந்த வளைவுக்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவே.

நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழுகிறது. பெருவிரல் தரையிலேயே இருக்கிறது. ஆகவே அடிமூட்டு மேல்நோக்கி மடிந்தாக வேண்டும். இயல்பான நடைக்கு இந்த மடிப்பு ஏறத்தாழ 45 முதல் 60 டிகிரி வரை தேவைப்படும். குருத்தெலும்பு தேய்ந்த மூட்டில் மேல்விளிம்பில் எலும்பு முளைத்து, 20 அல்லது 25 டிகிரியிலேயே எலும்போடு எலும்பு முட்டிக்கொள்ளும். மேடு ஏறும்போது மடிப்பு இன்னும் அதிகமாகத் தேவைப்படுவதால் வலி அங்கேதான் முதலில் தெரியும். மூட்டு செய்ய முடியாத அந்த வேலையை ஷூ செய்ய வேண்டும். அதற்கு ஷூ மடங்காமல் உருள வேண்டும்.

இரணியல் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் கதையை வைத்தே ஒப்பிடுகிறேன். வயது 58. வலது பெருவிரல் கையால் தூக்கினால் 20 டிகிரிக்கு மேல் எழாது, மூட்டின் மேல் கடலைப்பருப்பு அளவு முடிச்சு. காலையில் தார்ச்சாலையில் நடப்பார், சில நாள் சானல் எனும் பாசனக் கால்வாயின் கரையில். "தம்பி, மெத்தை மாதிரி ஷூ வாங்கியும் மேட்டில் விரல் குத்துகிறதே" என்றுதான் வந்தார்.

அவர் வாங்கியிருந்த ஷூவைக் கையில் எடுத்ததும் காரணம் தெரிந்தது. ஒரு கையில் குதியையும் மறு கையில் முனையையும் பிடித்து வளைத்தேன். சரியாகப் பெருவிரல் மூட்டு இருக்கும் இடத்தில் ஷூ இரண்டாக மடிந்தது. தடிமன் இருந்தும் நுரை மென்மையாக இருந்ததால் விறைப்பு இல்லை. பிறகு மேசையில் வைத்து, முனைக்கு அடியில் ஒரு தாளை நுழைத்துத் தள்ளினேன். தாள் முட்டி நின்ற இடம்தான் ஷூ உருளத் தொடங்கும் இடம். குதியின் பின்விளிம்பிலிருந்து அது 195 மில்லிமீட்டரில் இருந்தது. சோலின் மொத்த நீளம் 260. ஆனால் ஷூவைப் போட்டுக்கொண்டு நின்றபோது அவருடைய மூட்டு 185-இல் இருந்தது. அதாவது மூட்டைத் தாண்டிய பிறகே உருளல் தொடங்குகிறது. அதற்குள் மூட்டு மடிந்து, முட்டி, வலித்து முடிந்துவிடும்.

உருளல் தொடங்கும் இடம் மூட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். சோல் நீளத்தில் 60 முதல் 65 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளலாம். இவருக்கு அது 160 மில்லிமீட்டரை ஒட்டி வரும். தாள் சோதனையைக் காலில் ஷூ இருக்கும்போதும் செய்ய வேண்டும். மென்நுரை உடல் எடையில் அமுங்கினால் தொடுபுள்ளி முன்னால் நகர்ந்துவிடும். மேசையில் நன்றாகத் தெரிந்த ஷூ காலில் ஏமாற்றுவது இதனால்தான்.

அந்த ஷூவில் இன்னொரு குறையும் இருந்தது. முனை வெளியே மேல்நோக்கி வளைந்திருந்தது உண்மைதான். உள்ளே கையை விட்டுத் தடவினால் பாதம் படும் தளமும் அதே அளவு மேலே வளைந்திருந்தது. அப்படியானால் ஷூவைப் போட்ட நொடியிலேயே பெருவிரல் தூக்கிப் பிடிக்கப்படுகிறது. 20 டிகிரி மட்டுமே மிச்சம் இருக்கும் மூட்டில் பாதி அங்கேயே செலவாகிவிடும். நின்றுகொண்டிருக்கும்போதே வலிக்கிறது என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். நமக்குத் தேவை உள்ளே தட்டையாகவும் வெளியே வளைந்தும் இருக்கும் ஷூ.

உயரத்தின் உண்மையான பயன் இங்கேதான் வருகிறது. உருளல் தொடங்கும் இடத்திலிருந்து முனை வரை 100 மில்லிமீட்டர் என்று கொள்வோம். 15 டிகிரி வளைவு வேண்டுமானால் முனையின் அடிப்பகுதி தரையிலிருந்து 27 மில்லிமீட்டர் எழ வேண்டும். உள்தளம் தட்டையாக இருந்தால் அந்த 27-ஐயும் சோலின் தடிமனிலிருந்துதான் செதுக்கி எடுக்க வேண்டும். முனையில் குறைந்தது 8 மில்லிமீட்டராவது மிஞ்சினால்தான் கல் குத்தாது. ஆக, முன்பாதத்தில் 35 மில்லிமீட்டர் தடிமன் தேவை. 25 மில்லிமீட்டர் சோலில் இதே கணக்கைப் போட்டால் 10 டிகிரிக்குக் கீழேதான் கிடைக்கும். மெல்லிய சோலில் பெரிய வளைவைக் காட்டும் ஷூ, அந்த வளைவை விரலையும் சேர்த்துத் தூக்கித்தான் காட்டுகிறது. கடையில் சொல்லப்படும் உயரம் பெரும்பாலும் குதிகாலில் எடுத்த அளவு என்பதையும் மறக்க வேண்டாம். நமக்கு வேண்டியது முன்பாதத்தின் அளவு. குதி மிக உயர்ந்து முன்பக்கம் தாழ்ந்த ஷூவும் பாதத்தை முன்னால் சரித்து மூட்டை மடித்தே வைத்திருக்கும்.

அவருக்கு அடுத்துப் போட்டுப் பார்த்தது அப்படிப்பட்ட உயரமான, விறைப்பான ராக்கர் ஷூ. முன்பாதத்தில் 35 மில்லிமீட்டர், தாள் 162-இல் நின்றது, வளைத்தால் மடங்கவில்லை. முதல் நடையிலேயே மேட்டில் குத்தல் குறைந்தது. இரண்டு வாரத்தில் தார்ச்சாலை நடை முழுவதும் வலியின்றி முடிந்தது. அதற்கு விலையும் இருந்தது. சானல் கரையில், ஒரு பக்கம் சரிந்த மண்ணில், கணுக்கால் ஆடியது. தரையிலிருந்து பாதம் உயர உயர, சிறு கல்லும் கணுக்காலைப் பெரிதாகப் புரட்டும். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. பாசி பிடித்த படியிலும் ரப்பர்த் தோட்டத்துச் சரிவிலும் இந்த ஷூவை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. படியிறங்கும்போதும் முனையை நம்பாமல் பாதம் முழுவதையும் படியில் வைக்கச் சொல்கிறேன். பந்தயத்துக்கென்று வரும் கார்பன் தகடு ஷூக்களும் வளைந்தவைதான். ஆனால் அவை மிக உயரமானவை, மெதுவாக நடக்கும் கணுக்காலுக்கு நிலை தராதவை. எனக்கு அவற்றில் விருப்பமில்லை.

மூன்றாவது வழி, சாதாரண ஷூவின் உள்ளே, இன்சோலுக்கு அடியில் ஒரு விறைப்பான கார்பன் தகட்டை வைப்பது. இதைக் குறைவாக எண்ண வேண்டாம். 2021-இல் வெளிவந்த, 100 பேர் பங்கேற்ற ஆஸ்திரேலிய ஆய்வில், இத்தகைய தகடு 12 வார முடிவில் போலித் தகட்டைவிட வலியைக் கூடுதலாகக் குறைத்தது. ராக்கர் சோல் ஷூவையும் உள்ளே வைக்கும் பாதத் தாங்கியையும் 102 பேரிடம் ஒப்பிட்ட 2016 ஆய்வில் வலி இரண்டிலும் ஏறக்குறைய சமமாகவே குறைந்தது. தாங்கி போட்டவர்கள் அதை அதிக நேரம் அணிந்தார்கள், அவர்களுக்குப் பக்கத் தொல்லைகளும் குறைவாக இருந்தன. அந்த ஆய்வில் பயன்பட்ட ஷூ குதியிலும் உருண்டையாக இருந்த வகை. முன்பாதம் மட்டும் வளைந்த ஷூவுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் நிலையின்மைக்கு ஒரு விலை உண்டு என்பதை அது காட்டுகிறது.

தகட்டின் சிக்கல் வேறு. மடங்கவும் முடியாமல் உருளவும் வழியில்லாமல் போனால், உடல் ஷூ முனையின் மேல் ஏறித்தான் கடக்க வேண்டும். நடப்பவர் அறியாமலே பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொள்வார், அல்லது அடியைச் சுருக்குவார். குதி ஷூவிலிருந்து கழன்று கழன்று வரும். சில வாரத்தில் முழங்காலோ இடுப்போ வலிக்கத் தொடங்கினால் இதைச் சந்தேகிக்கலாம். தகடு பாதத்தைச் சற்றே உயர்த்துவதால், மூட்டின் மேலுள்ள முடிச்சு ஷூவின் மேல்தோலில் உரசும். முடிச்சுக்கு நேரே உள்ள துளையில் கயிற்றைக் கோக்காமல் விட்டால் உரசல் குறையும்.

ஆசிரியைக்கு சானல் கரைக்கென்று நான் தேர்ந்தெடுத்தது இரண்டுக்கும் நடுவில் ஒன்று. முன்பாதத்தில் 26 மில்லிமீட்டர், அகன்ற அடிப்பாகம், மிதமான வளைவு, உள்ளே தகடு. தார்ச்சாலையில் உயரமான ஷூ தரும் சுகம் இதில் இல்லை. கணுக்கால் ஆடவில்லை, வலியும் பொறுக்கும் அளவில் நின்றது. ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்பவர்களுக்கு, நடக்கும் தரையைப் பார்த்தே முடிவு சொல்கிறேன். விளையாட்டரங்கத் தடமும் தார்ச்சாலையும் மட்டும் என்றால் உயரமான ராக்கர். மண்பாதை, தோட்டம், சரிவு என்றால் இந்த நடுத்தர ஷூ. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களும் அடிக்கடி தடுமாறுபவர்களும் உயரமான ஷூவுக்குப் போக வேண்டாம். அவர்கள் தகட்டைக்கூட மருத்துவரிடம் காட்டிவிட்டே வைக்க வேண்டும்.

செலவு குறைந்த நான்காவது வழி எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு. அடியில் கெட்டியான ரப்பர் அடுக்கை ஒட்டி, முன்பக்கத்தைச் சரிவாகத் தேய்த்துத் தரக்கூடிய செருப்புத் தொழிலாளியிடம் உருளல் தொடங்க வேண்டிய இடத்தைச் சாக்பீஸால் குறித்துக் கொடுங்கள். மென்மையான எம்.சி.ஆர். மட்டும் போதாது, இடையில் கெட்டி அடுக்கு வேண்டும். இரண்டு காலுக்கும் ஒரே உயரம் இருக்க வேண்டும். இதை நான் முக்கியமாகச் சொல்வது வீட்டுக்குள் அணிவதற்காக. நம் வீடுகளில் செருப்பு வாசலோடு நின்றுவிடுகிறது. காலையில் ஒரு மணி நேரம் ஷூவில் காத்த மூட்டை, மீதிப் பகல் முழுவதும் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு மடித்துக்கொண்டிருந்தால் வலி எப்படித் தணியும்?

மூட்டு திடீரென்று சிவந்து, சூடாகி, தொட முடியாமல் வலித்தால் அது யூரிக் அமிலத்தால் வரும் கவுட் என்ற மூட்டுநோயாக இருக்கலாம். அப்போது ஷூவை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலி மூட்டின் மேலே இல்லாமல் அடியில் இருந்தாலும், ஓய்விலும் இரவிலும் தொடர்ந்தாலும் அப்படியே.

வாங்கிய ஷூ சரியாகவே இருந்தாலும் நுரை நாளடைவில் அமுங்கும். முன்பாதத்தின் உள்பக்கம், பெருவிரலுக்கு நேரே, முதலில் தாழும். மாதம் ஒருமுறை அதே தாள் சோதனையைச் செய்து, தாள் நிற்கும் இடத்தைச் சோலின் பக்கவாட்டில் பேனாவால் குறித்து வையுங்கள். அந்தக் குறி மூட்டை நோக்கி முன்னேறிவிட்டால், மேலே ஷூ புதிதாகவே தெரிந்தாலும் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.